தன் பெயரா, கூட்டாளியின் பெயரா? டால்பின்களின் அடையாள விசில்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒலி பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தின் முடிவில் பிள்ளைகளுக்குச் சுவையாக ஏதாவது சொல்லலாம் என்று, "டால்பின்களுக்கும் பெயர் உண்டு. அம்மா வைத்த பெயரைச் சொல்லி ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும்" என்றேன். எங்கோ படித்து மனத்தில் நின்ற வாக்கியம் அது. பிள்ளைகள் ரசித்தார்கள். இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவி மட்டும் எழுந்து நின்றாள். "டீச்சர், அது தன் பேரைச் சொல்லிக் கத்துமா, இல்ல கூட்டாளி பேரைச் சொல்லிக் கூப்பிடுமா?"

என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வர இரண்டு வாரம் ஆயிற்று. ஏனென்றால் அவள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை; ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உழைத்துப் பதில் தேடிய கேள்வி. தேடிப் படித்தபோது, நான் வகுப்பில் சொன்ன ஒரே வாக்கியத்தில் ஒரு பிழையும் ஒரு பாதி உண்மையும் இருப்பது தெரிந்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கிளிக் வேறு, விசில் வேறு

முதலில் ஒரு தெளிவு. நம் பாடங்களில் டால்பின் பெரும்பாலும் எதிரொலி மூலம் இடமறியும் விலங்காகத்தான் வருகிறது. அதற்கு அது பயன்படுத்துவது 'கிளிக்' எனப்படும் மிகக் குறுகிய ஒலித் துடிப்புகள். அவற்றின் அதிர்வெண் நம் காதின் எல்லையைத் தாண்டி 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் போகும். நாம் இன்று பேசப்போவது அதைப் பற்றி அல்ல. டால்பின் விசிலும் அடிக்கும். அந்த விசில் ஏறக்குறைய ஒரு விநாடி நீளம்; பெரும்பகுதி 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் அமையும். அதாவது நம் காதுக்கும் கேட்கக்கூடிய ஒலி. கிளிக் இரையையும் வழியையும் அறிய. விசில் மற்ற டால்பின்களுக்காக.

இந்த விசிலை ஒரு வரைபடமாகப் போடலாம். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் அதிர்வெண். ஒரு டால்பினின் விசில் மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். இன்னொன்றின் விசில் நேராகச் சென்று கடைசியில் சட்டென்று விழும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டு வடிவம் கிடைக்கும். நம் பேச்சில் சொன்னால் அது ஒரு மெட்டு.

1965-இல் மெல்பா கால்டுவெல், டேவிட் கால்டுவெல் என்ற அமெரிக்கத் தம்பதியர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளர்ப்பில் இருந்த பாட்டில்மூக்கு டால்பின்களின் விசில்களைப் பதிவு செய்து பார்த்தபோது, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப விசிலடிப்பதை அவர்கள் கண்டார்கள். அச்சத்துக்கு ஒரு விசில், உணவுக்கு ஒரு விசில் என்று எல்லா டால்பின்களுக்கும் பொதுவான ஒலிப் பட்டியலைத் தேடுவது அக்கால வழக்கமாக இருந்தது. கால்டுவெல் தம்பதியர் கண்டது நேர்மாறானது: விசில் சூழலுக்கு ஏற்ப மாறுவதைவிட, ஆளுக்கு ஆள் மாறியது. கையொப்பம் ஒருவருக்கே உரியதாக இருப்பதுபோல என்று கருதி, இதற்குக் 'கையொப்ப விசில்' என்ற பெயர் வந்தது. நான் இங்கே அடையாள விசில் என்றே சொல்கிறேன்.

யார் விசிலடித்தது?

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. விசிலடிக்கும்போது டால்பின் வாயைத் திறப்பதில்லை. தலை உச்சியில் இருக்கும் மூச்சுத் துளைக்குக் கீழே, நாசிப் பாதையில் உள்ள திசு மடிப்புகள் அதிர்ந்துதான் ஒலி எழுகிறது. நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். காற்றில் இருப்பதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அதனால் நீருக்குள் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நம் காது பிரித்தறியாது. பத்து டால்பின்கள் கூட்டமாகப் போகும்போது ஒரு விசில் பதிவானால், அது எதனுடையது என்று எப்படிச் சொல்வது?

இதற்கு விடை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சரசோட்டா விரிகுடாவில் கிடைத்தது. அங்கே 1970-இலிருந்து ஒரே டால்பின் சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். எது எதன் தாய், எது எதன் குட்டி என்பது பெரும்பாலும் பதிவேட்டில் இருக்கிறது. உடல்நலப் பரிசோதனைக்காக அவ்வப்போது ஆழம் குறைந்த நீரில் சில டால்பின்களை வலையால் வளைத்து, சிறிது நேரம் பிடித்து வைத்துப் பரிசோதித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு சிறிய நீரடி ஒலிவாங்கியை ரப்பர் உறிஞ்சியால் அதன் தலையில் ஒட்டிவிடுவார்கள். அப்போது பதிவாகும் விசில் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

லேலா சேயி என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இந்தப் பதிவுகளைச் சேர்த்து வருகிறார். ஏறக்குறைய 300 டால்பின்களின் விசில்கள் அதில் இருக்கின்றன. தனித்துப் பிடித்து வைக்கப்பட்ட நேரத்தில் ஒரு டால்பின் விசிலடிப்பது பெரும்பாலும் தன் சொந்த மெட்டைத்தான். ஒரே டால்பினைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பிடித்தபோதும், குறிப்பாகப் பெண் டால்பின்களிடம், அதே மெட்டு இருந்தது.

ஆக, மாணவியின் கேள்விக்கு முதல் பாதி விடை கிடைத்துவிட்டது. டால்பின் பெரும்பாலும் சொல்வது தன் பெயரைத்தான். "நான் இங்கே இருக்கிறேன், இது நான்தான்" என்பதுபோல. கலங்கிய நீரில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தாயும் குட்டியும் பிரியும்போது இந்த விசில் அதிகமாகக் கேட்கிறது. இருட்டில் கதவைத் தட்டுகிறவர், "யாரு?" என்று உள்ளிருந்து கேட்குமுன் "நான்தான், இன்னார் வந்திருக்கேன்" என்று சொல்வதில்லையா? அப்படித்தான்.

அம்மா வைக்கும் பெயர் அல்ல

நான் சொன்ன வாக்கியத்தில் இருந்த பிழை இங்கே தெரிந்தது. அந்த மெட்டைத் தாய் வைப்பதில்லை. குட்டி தன் முதல் ஆண்டுக்குள் சுற்றிக் கேட்கும் ஒலிகளிலிருந்து தானே உருவாக்கிக்கொள்கிறது. சரசோட்டாவில் பல குட்டிகளின் மெட்டு தாயின் மெட்டைவிட, எப்போதாவது மட்டுமே சந்திக்கும் வேறு டால்பின்களின் மெட்டை ஒத்திருந்தது. காரணம் யோசித்தால் புரியும். எப்போதும் கூடவே இருப்பவரின் மெட்டையே தானும் எடுத்துக்கொண்டால் குழப்பம்தானே? ஒரே வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது நாம் படும் பாடு நமக்குத் தெரியும்.

இது பிறவியிலேயே வரும் ஒலி அல்ல, கற்றுக்கொள்வது என்பதற்கு ஓர் அழகான சான்று உண்டு. காட்சியகங்களில் பயிற்சியாளர்கள் உலோக விசில் ஊதுவார்கள். அதன் ஒலி ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையாக இருக்கும். அங்கே பிறந்த குட்டிகளின் அடையாள விசில், கடலில் பிறந்த குட்டிகளுடையதைவிடத் தட்டையாக, பயிற்சியாளரின் விசிலை ஒத்து இருந்தது.

குரலா, மெட்டா?

அடுத்து வந்த கேள்வி இன்னும் நுட்பமானது. மற்ற டால்பின்கள் ஒன்றை இனங்காண்பது அதன் மெட்டாலா, குரலாலா? நம் அம்மா தொலைபேசியில் "ஹலோ" என்று மட்டும் சொன்னாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அது பெயர் அல்ல, குரல். டால்பினும் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறது என்றால், மெட்டைப் 'பெயர்' என்று சொல்ல நியாயம் இல்லை.

இசையை வைத்து வகுப்பில் இதை விளக்கலாம். ஒரு மெட்டை நாகசுரத்தில் வாசிக்கலாம். அதையே புல்லாங்குழலிலும் வாசிக்கலாம். கருவியின் நாதம் வேறு, மெட்டு ஒன்று. இப்போது நாதத்தை அகற்றிவிட்டு மெட்டை மட்டும் தனியே டால்பினுக்குக் கேட்கச் செய்ய வேண்டும்.

வின்சென்ட் ஜானிக், லேலா சேயி, ராண்டல் வெல்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். பதிவு செய்த விசிலின் கோட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே வடிவில் கணினியால் புதிய விசிலை உருவாக்கினார்கள். குரலுக்கு உரிய சாயல் எதுவும் அதில் இல்லை. சரசோட்டாவில் தற்காலிகமாகப் பிடிக்கப்பட்டிருந்த 14 டால்பின்களுக்கு நீரடி ஒலிபெருக்கி வழியாக இதை ஒலிபரப்பினார்கள். ஒருமுறை நெருங்கிய உறவினரின் மெட்டு. இன்னொரு முறை, அதே வயதும் பாலினமும் உள்ள, ஆனால் உறவில்லாத டால்பினின் மெட்டு. எதற்கு ஒலிபெருக்கிப் பக்கம் அதிகமாகத் தலையைத் திருப்புகிறது என்று எண்ணினார்கள்.

14-இல் 9 டால்பின்கள் உறவினரின் மெட்டுக்கே அதிகமாகத் திரும்பின. மற்ற ஐந்தும் அப்படித் திரும்பவில்லை. உயிருள்ள விலங்குகளோடு செய்யும் சோதனையில் நூற்றுக்கு நூறு வராது என்பதைப் பிள்ளைகளிடம் நான் மறைக்கவில்லை. குரல் முழுவதுமாக நீக்கப்பட்ட பின்னும் வேறுபாடு தெரிகிறது என்பதே இங்கே முக்கியம்.

டால்பின் ஏன் குரலை விட்டு மெட்டை நம்ப வேண்டும்? ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. நீரில் 10 மீட்டர் ஆழம் போனால் அழுத்தம் இரு மடங்காகும். உடலுக்குள் இருக்கும் காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கும். ஒலி எழுப்பும் காற்று சுருங்கினால் குரலின் சாயலும் மாறும். மேலே ஒரு குரல், ஆழத்தில் வேறு குரல் என்றால் குரலை நம்பி ஆளைத் தேட முடியாது. மெட்டையோ எந்த ஆழத்திலும் அப்படியே விசிலடிக்கலாம்.

கூப்பிட்டால் பதில் வருமா?

இனி மாணவி கேட்டதன் மறுபாதி: கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுமா?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி கிங், வின்சென்ட் ஜானிக் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கானது. இடம், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரக் கடல். இங்கே டால்பின்களைப் பிடிக்கவில்லை, படகில் பின்தொடர்ந்தார்கள். அப்படியென்றால் பதிவான விசில்களில் எது அடையாள விசில் என்று எப்படித் தெரியும்? சரசோட்டாப் பதிவுகளிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்திருந்தது. டால்பின் தன் அடையாள விசிலை அடிக்கும்போது, 1 முதல் 10 விநாடி இடைவெளியில் அதையே மறுபடி மறுபடி அடிக்கும். மற்ற விசில்களை அப்படி அடிப்பது அரிது. ஆகவே ஒரே மெட்டு குறைந்தது நான்கு முறை வந்து, அவற்றில் முக்காற்பங்காவது இந்த இடைவெளிக்குள் அமைந்தால் அதை அடையாள விசில் என்று கொள்வார்கள். இந்த விதி உண்மையான அடையாள விசில்களில் ஏறக்குறைய பாதியைத் தவறவிடும். ஆனால் அல்லாததை உள்ளே சேர்க்காது. சோதனைக்கு அதுதான் தேவை.

இப்படிக் கூட்டத்தில் உள்ள ஒரு டால்பினின் மெட்டைக் கண்டறிந்து, குரல் நீக்கிய நகலைக் கணினியில் செய்து, அதே கூட்டத்துக்கே ஒலிபரப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு வகை மெட்டுகளையும் ஒலிபரப்பினார்கள். ஒன்று, அதே கடற்பகுதியில் வாழும், ஆனால் அப்போது அந்தக் கூட்டத்தில் இல்லாத டால்பினுடையது. மற்றொன்று, அவை கேட்டே இராத தொலைதூர டால்பினுடையது.

கூட்டத்தில் இருக்கும் டால்பினின் மெட்டு ஒலித்தபோது, பெரும்பாலும் அதே மெட்டில் பதில் விசில் வந்தது. மற்ற இரண்டு வகைக்கும் அப்படிப்பட்ட பதில் வருவது அரிதாகவே இருந்தது, அல்லது வரவில்லை.

இங்கே வகுப்பில் ஒரு பையன் நல்ல தடை எழுப்பினான். "டீச்சர், கிளி மாதிரி கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாமே?" நியாயமான சந்தேகம். அதற்காகத்தான் மற்ற இரண்டு வகை மெட்டுகளும். வெறுமனே கேட்டதைத் திருப்பிச் சொல்வதாக இருந்தால் மூன்றையும் ஒரே மாதிரி திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். தன் மெட்டைக் கேட்டபோது மட்டும் பதில் வருகிறது என்றால், உரியவர்தான் "உள்ளேன்" என்கிறார். கட்டுப்பாட்டுச் சோதனை எதற்கு என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அங்கே கூப்பிட்டது மனிதர்களின் கருவி. டால்பின்களே ஒன்றையொன்று இப்படிக் கூப்பிடுமா? அதே 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சரசோட்டாப் பதிவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, சில டால்பின்கள் இன்னொன்றின் மெட்டை விசிலடித்திருப்பது தெரிந்தது. அப்படிச் செய்தவை எல்லாம் நெருங்கிய உறவுகள்: தாயும் குட்டியும், அல்லது ஆண்டுக்கணக்கில் இணைந்தே திரியும் ஆண் தோழர்கள். செய்த நேரம், ஒன்றைவிட்டு ஒன்று பிரிக்கப்பட்டிருந்த நேரம். நகல் அச்சு அசலாகவும் இல்லை. தொடக்கத்திலோ முடிவிலோ சிறு மாற்றம் இருந்தது. ஆனால் இது அடிக்கடி நடப்பதில்லை. அதனால் என் வாக்கியத்தின் பிற்பாதியைப் பாதி உண்மை என்கிறேன். டால்பின் வழக்கமாகத் தன் பெயரைச் சொல்கிறது. எப்போதாவது, மிக நெருங்கியவரைத் தேடும்போது, அவர் பெயரைச் சொல்கிறது.

வகுப்பில் செய்து பார்த்தது

இதை ஒரு பாடவேளையில் செயல்பாடாகச் செய்தோம். ஒவ்வொரு மாணவரும் வரைபடத் தாளில் ஒரு கோடு வரைந்து, அந்த ஏற்ற இறக்கப்படி வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும். அதுதான் அவர் அடையாளம். ஒருவர் மெட்டை ஒருவர் இரண்டு நாள் கேட்டுப் பழகினார்கள். பிறகு ஒரு மாணவரைத் திரைச்சேலைக்குப் பின்னால் நிறுத்தி, தன் மெட்டை விட்டுவிட்டுத் தோழரின் மெட்டை முனகச் சொன்னேன். கேட்டவர்கள் யார் பெயரை எழுதுகிறார்கள், மெட்டுக்கு உரியவரையா, குரலுக்கு உரியவரையா என்று எண்ணினோம். இரண்டு விடையும் வந்தன. குரலையும் மெட்டையும் பிரிப்பது ஏன் கடினம் என்பது அப்போது அவர்களுக்கே புரிந்தது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பாதிப் பேருக்கு மேல் வெறுமனே கீழிருந்து மேலே ஏறும் கோட்டையே வரைந்துவிட்டார்கள். யார் யார் என்று பிரிக்க முடியவில்லை. மீண்டும் வரைய வைத்தேன். ஆய்வு உலகிலும் இதே சிக்கல் ஒரு சர்ச்சையாக எழுந்தது. 2001-இல் பிரெண்டா மெக்கோவன், டயானா ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள், டால்பின்களிடம் அதிகம் கேட்பது எல்லாவற்றுக்கும் பொதுவான, மேலே ஏறும் ஒரு விசில்தான். ஆளுக்கொரு மெட்டு என்பது சரியல்ல என்று எழுதினார்கள். அவர்கள் கோடுகளை வகைப்படுத்தக் கணினிக் கணக்கைப் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் மனிதக் கண்ணால் பிரித்தார்கள். நான் மேலே சொன்ன ஒலிபரப்புச் சோதனைகள் இங்கேதான் உதவின. இரண்டு மெட்டும் ஒன்றா வேறா என்று நாம் தீர்ப்புச் சொல்வதைவிட, டால்பினையே கேட்பது நல்லதல்லவா?

பதிவேட்டை மூடும் முன் ஒரு செய்தி. ஜேசன் பிரக் என்ற ஆய்வாளர் 2013-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் காட்சியகங்கள் டால்பின்களைத் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்வதால், எது எதனோடு எப்போது வாழ்ந்தது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. பெய்லி, ஆலி என்ற இரு பெண் டால்பின்கள் சிறு வயதில் புளோரிடாவில் ஒன்றாக இருந்தவை. பிறகு பிரிந்தன. 20 ஆண்டு 6 மாதம் கழித்து, பெர்முடாவில் இருந்த பெய்லிக்கு ஆலியின் விசில் பதிவை ஒலிபரப்பினார்கள். அறியாத டால்பின்களின் விசிலைக் கேட்டு விரைவில் சலித்துப்போன பெய்லி, ஆலியின் விசிலுக்குத் தெளிவாக எதிர்வினை காட்டியது. இருபது ஆண்டுக்கு முந்தைய மாணவர் சந்தையில் எதிரே வந்து "டீச்சர்" என்று நின்றால், பெயர் நினைவுக்கு வராமல் நாம் தடுமாறுவது நினைவுக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகளின் குறிப்பேட்டில் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொன்னேன்: "பாட்டில்மூக்கு டால்பின் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விசில் மெட்டைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் அதைச் சொல்லித் தன்னை அறிவிக்கிறது. சில வேளைகளில் நெருங்கியவரின் மெட்டைச் சொல்கிறது. தன் மெட்டைக் கேட்டால் பதில் தருகிறது." 'பாட்டில்மூக்கு' என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தேன். இந்தச் சோதனைகள் எல்லாம் அந்த இனத்தில் செய்தவை. நம் தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை டால்பினுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் டால்பின்களில் பாட்டில்மூக்கு இனத்தின் நெருங்கிய உறவான இந்தோ-பசிபிக் இனமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இந்த நெருங்கிய உறவினத்திடமும் அடையாள விசிலைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எழுதி முடித்ததும் அதே மாணவி மறுபடி எழுந்தாள். "அப்போ, அந்த இடத்தில் இல்லாத ஒருத்தரைப் பத்தி ரெண்டு டால்பின் பேசிக்குமா டீச்சர்?"

"அதை இதுவரை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை" என்றேன். இந்த முறை அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் தேவைப்படவில்லை.